சீனியரிடம் ஸ்லைடு காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், இந்த மெசேஜ் போதுமா?

மணல்லேப்_கோவை (திங்கள் காலை)

கோவையில் ஒரு ஃபவுண்டரியில் சாண்ட் லேப் பார்க்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை 11 மணிக்கு பிளான்ட் ஹெட் முன்னால் ஒரு பிரசன்டேஷன். பம்ப் கேசிங்கில் ப்ளோ ஹோல், அதாவது வார்ப்பில் வாயு சிக்கி விழும் ஓட்டை, அதனால் வரும் ரிஜெக்ஷன் நவம்பரில் 9.1 சதவீதம் இருந்தது, ஜனவரியில் 5.2. நடுவில் டிசம்பரில் ஒரு மாற்றம் செய்தோம். முன்பெல்லாம் மணலின் ஈரத்தை ஷிஃப்டுக்கு இரண்டு முறைதான் பார்ப்போம், இப்போது மணல் கலக்கும் மல்லரிலிருந்து வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்த்து 3.5 சதவீதத்துக்கும் 3.9 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்துகிறோம். ஆனால் திரும்பி வரும் மணல் சூடாக இருந்தால் இது நிற்பதில்லை, மல்லரில் 3.8 காட்டியது மோல்டிங் மெஷினுக்குப் போவதற்குள் 3.2 ஆகிவிடுகிறது. அதனால் சாண்ட் கூலர் வாங்கித் தாருங்கள் என்பதுதான் கடைசி ஸ்லைடு. போட்ட பணம் 14 மாதத்தில் திரும்பும் என்று கணக்கும் அதில் இருக்கிறது. மொத்தம் 16 ஸ்லைடு.

மெத்தட்ஸ் பிரிவில் ஒரு சீனியர் இருக்கிறார், இருபது வருடத்துக்கு மேல் இதே தொழிலில் இருப்பவர், என் நேரடி மேலதிகாரி இல்லை. அவரிடம் முன்கூட்டியே காட்டிவிட நினைக்கிறேன். மெசேஜ் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"சார் வணக்கம். வெள்ளிக்கிழமை பிரசன்டேஷனுக்கு டிராஃப்ட் ரெடி பண்ணியிருக்கிறேன், இணைத்திருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லவும். வியாழன் மாலைக்குள் சொன்னால் நன்றாக இருக்கும். நன்றி சார்."

இது போதுமா, இல்லை இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

---

தூரிகை

16 ஸ்லைடு அதிகம் பாஸ். எழுத்து 24-க்குக் குறையாமல் வையுங்கள், பின்னணி வெள்ளை, கம்பெனி நிறம் ஒன்று மட்டும் போதும். என்னிடம் இரண்டு மூன்று டெம்ப்ளேட் இருக்கிறது, வேண்டுமானால் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

---

மணல்லேப்_கோவை

நன்றிங்க, ஆனால் டெம்ப்ளேட் கம்பெனியே கொடுத்துவிட்டது. எனக்கு அவரிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் கேள்வி.

---

சேகர் சிவகாசி

என் அனுபவத்தில் சொல்கிறேன், பெரியவர்களுக்குக் கெடு வைக்கக் கூடாது. "வியாழன் மாலைக்குள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள், அது கொஞ்சம் அதிகாரமாகத் தெரியும். பைலை முழுசாக அனுப்பிவிட்டு நேரில் போய் டீ சாப்பிடும்போது "சார் பார்த்தீங்களா" என்று கேளுங்கள், அவராகவே சொல்வார். மெசேஜில் போட்டால் யாரும் படிப்பதில்லை, இதுதான் நிஜம்.

---

பழைய மெல்டர்

தம்பி, இப்படி வரும் மெசேஜைப் பெறுகிற இடத்தில் நான் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "பார்த்துவிட்டு கருத்தைச் சொல்லவும்" என்று வந்தால் நான் என்ன செய்வேன் தெரியுமா? சாப்பாட்டு நேரத்தில் போனில் திறந்து வேகமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு ஸ்லைடில் எழுத்துப் பிழை, இன்னொன்றில் யூனிட் விட்டுப்போயிருக்கிறது, இந்த மாதிரி இரண்டு சொல்லி "நன்றாக இருக்கிறது" என்று அனுப்பிவிடுவேன். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. என்ன தேடுவது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் கண்ணில் முதலில் படுவதைச் சொல்கிறேன். அடித்தளத்தில் ஓட்டை இருந்தால் அது எனக்குத் தெரியாமலே போகும், ஏனென்றால் அதைத் தேட அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

சேகர் நேரில் பேசச் சொன்னது சரிதான், பாதி. கெடு வைக்கக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை. கெடு இல்லாத வேலை என் மேஜையில் எப்போதும் அடியில்தான் கிடக்கும், அதற்குக் காரணம் மரியாதைக் குறைவு இல்லை, மேலே கெடு உள்ளவை இருக்கின்றன. ஆனால் நீங்கள் வைத்த கெடு தப்பான இடத்தில் இருக்கிறது. வியாழன் மாலை ஆறு மணிக்கு அவர் "இந்த ஒப்பீடு செல்லாது" என்று சொன்னால் வெள்ளி 11 மணிக்குள் உங்களால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. எந்தத் திருத்தத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள், கெடு அங்கேதான் வர வேண்டும்.

ஒரு கேள்வி. நவம்பர், ஜனவரி என்று வைத்திருக்கிறீர்களே, நவம்பர் வடகிழக்குப் பருவமழை. அது உங்களுக்கே உறுத்தவில்லையா?

---

மேனகா_ஆடிட்

எனக்கு மணல் தெரியாது, நான் கணக்குத் தணிக்கைப் பக்கம். போன வருடம் ஒரு சீனியருக்கு டிராஃப்டைத் திருத்தக்கூடிய பைலாகவே அனுப்பினேன். அவர் நல்ல மனசோடு உட்கார்ந்து முழுசையும் தன் பாணியில் மாற்றி எழுதி அனுப்பிவிட்டார். வரிசை மாறிவிட்டது, என் எண்கள் சில காணாமல் போயிருந்தன, எதை மாற்றினார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு இரவு போனது, திருப்பி என் பதிப்புக்குப் போனால் அவர் மனம் வருத்தப்படும். அதிலிருந்து பி.டி.எஃப். மட்டும்தான் அனுப்புகிறேன், ஸ்லைடு எண் பெரிதாகத் தெரியும்படி. அவரும் "6-ல் இது, 9-ல் அது" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுவார். போனில் திறந்தாலும் எழுத்து கலையாது.

அப்புறம், அனுப்பிய பிறகு நீங்கள் உங்கள் பக்கம் ஸ்லைடு சேர்த்துக்கொண்டே இருந்தால் அவர் சொல்கிற 6 உங்களிடம் 8 ஆகியிருக்கும். பதில் வரும்வரை எண்களைத் தொடாதீர்கள்.

---

மணல்லேப்_கோவை

@பழைய மெல்டர் உறுத்துகிறது சார். புது மணல் குவியல் எங்களிடம் வெளியே தார்ப்பாய் போட்டுத்தான் கிடக்கிறது, நவம்பரில் நனைந்தே உள்ளே வரும். அதனால்தான் அவரிடம் காட்ட நினைத்தேன், ஆனால் மெசேஜில் அதைச் சொல்லத் தோன்றவில்லை, அவரே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஸ்லைடு 4-ல் ரிஜெக்ஷனுக்கான காரணங்களில் ஒன்றாக, மல்லரில் மணல் கலக்கும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 3.5 நிமிடமாகக் குறைத்தது என்று போட்டிருக்கிறேன். நேரம் குறைந்தால் பென்டோனைட் களிமண் மணல்மேல் சரியாகப் படியாது, தண்ணீரும் சீராகப் பரவாது. உண்மை அதுதான். ஆனால் குறைக்கச் சொன்னவரே இந்த சீனியர்தான்.

---

பழைய மெல்டர்

அடடா, விஷயமே இங்கேதான் இருக்கிறது, அதை மூன்றாவது பதிவில் சொல்கிறீர்கள்.

ஸ்லைடு 4-ஐ அவர் பி.டி.எஃப்.-ல் முதல் முறையாகப் பார்க்கக் கூடாது. மீட்டிங்கில் பிளான்ட் ஹெட் முன்னால் முதல் முறையாகப் பார்ப்பது அதைவிட மோசம். மெசேஜ் அனுப்புவதற்கு முன் இன்றே நேரில் போங்கள். "சார், கலக்கும் நேரத்தைக் குறைத்தது பற்றி ஒரு ஸ்லைடு இருக்கிறது, அப்போது ஏன் குறைத்தோம் என்று எனக்கு முழுசாகத் தெரியாது, சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இது நாடகத்துக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே உங்களுக்குக் காரணம் தெரியாது. ஃபவுண்டரியில் ஒரு செட்டிங்கை யாராவது மாற்றினால் பெரும்பாலும் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அது லேப் ரெஜிஸ்டரில் இருக்காது, மெயின்டனன்ஸ் நோட்டில் எங்கேயாவது இருக்கும்.

மழை விஷயத்தில் "அவரே கண்டுபிடிக்கிறாரா பார்ப்போம்" என்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் சந்தேகம் உள்ள இடத்தை மறைத்துவிட்டுக் கருத்துக் கேட்டால் அது அவருக்கு வைக்கிற பரீட்சை. சந்தேகத்தை அப்படியே எழுதுங்கள், அதுதான் குறிப்பான கேள்வி.

---

சேகர் சிவகாசி

நான் இதில் மாறுபடுகிறேன். ஸ்லைடு 4-ஐத் தூக்கிவிடுங்கள். கூலர் வேண்டும் என்பதுதானே நோக்கம், அதற்கு சூடு மணல் ஒரு காரணம் போதும். தேவையில்லாமல் ஒரு ஆளைப் பகைத்துக்கொள்வதில் என்ன லாபம்? நாளைக்கு அவரோடுதான் வேலை பார்க்க வேண்டும்.

---

காஸ்டிங்_குமார்

ப்ளோ ஹோல் என்றாலே ஈரம்தான் நண்பா, இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஈரத்தைக் கட்டுப்படுத்தினீர்கள், குறைந்தது, முடிந்தது. மழை எல்லா வருடமும்தான் வருகிறது.

---

பழைய மெல்டர்

@காஸ்டிங்_குமார் ஈரம் ஒரு காரணம், எல்லா ப்ளோ ஹோலுக்கும் இல்லை. வார்ப்பின் உள்ளே வெற்றிடம் வர வைக்கிற கோர் ஒட்டிய இடத்தில் வந்தால் அது கோர் ரெசின் விடுகிற வாயுவாக இருக்கும், அப்போது மணல் ஈரத்தை எவ்வளவு பிடித்தாலும் குறையாது. மழை எல்லா வருடமும் வருகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் எல்லா வருடமும் நவம்பரிலிருந்து ஜனவரிக்கு ரிஜெக்ஷன் தானாகவே குறைந்திருக்குமே. இவர் செய்த மாற்றம் எவ்வளவு குறைத்தது, மழை நின்றது எவ்வளவு குறைத்தது என்று பிளான்ட் ஹெட் கேட்டால்?

@சேகர் ஸ்லைடை எடுப்பதா வைப்பதா என்று அவரிடம் பேசிய பிறகு முடிவு பண்ணலாம். பேசுவதற்கு முன்பே எடுத்துவிட்டால் பாதிக் கதை இல்லாமல் போய் நிற்க வேண்டும்.

---

மணல்லேப்_கோவை (திங்கள் மதியம்)

சரி, மாற்றி எழுதிவிட்டேன். ஸ்லைடு 4 பற்றி இன்று மாலை ஷிஃப்ட் முடிந்ததும் நேரில் பேசிவிடுகிறேன், அதன் பிறகுதான் இதை அனுப்புவேன்.

"சார் வணக்கம். வெள்ளி 11 மணிக்கு ப்ளோ ஹோல் பிரசன்டேஷன். பி.டி.எஃப். இணைத்திருக்கிறேன், மொத்தம் 16 ஸ்லைடு, ஆனால் நீங்கள் 4 முதல் 8 வரையும் கடைசி ஸ்லைடும் மட்டும் பார்த்தால் போதும், 20 நிமிடம் ஆகும். மூன்று கேள்வி.

ஒன்று: ஸ்லைடு 6-ல் நவம்பர் 9.1, ஜனவரி 5.2 என்று ஒப்பிட்டிருக்கிறேன். நவம்பர் மழை மாதம் என்பதால் இந்த ஒப்பீடு நிற்குமா என்று சந்தேகமாக இருக்கிறது. இல்லையென்றால் எதோடு ஒப்பிடுவது?

இரண்டு: கூலர் கோரிக்கை இப்போது கடைசியில் வருகிறது. பிளான்ட் ஹெட்டுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லதா?

மூன்று: என்னால் பதில் சொல்ல முடியாத கேள்வி ஒன்று அவர் கேட்பார் என்றால் அது எதுவாக இருக்கும்?

முதல் கேள்விக்கு மட்டும் புதன் மதியத்துக்குள் பதில் வேண்டும் சார், ஏனென்றால் வேறு மாதக் கணக்கு எடுக்க வேண்டும் என்றால் பழைய ரெஜிஸ்டரைத் தேடி எடுக்க எனக்கு அரை நாள் ஆகும். மற்ற இரண்டும் வியாழன் காலை வரை பரவாயில்லை. எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் போதும். புதன் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் ஸ்லைடு 6-ஐ இப்படியே வைத்துக்கொள்கிறேன்."

---

மேனகா_ஆடிட்

நன்றாக வந்திருக்கிறது. கெடுவுக்குக் காரணம் சொன்னது எனக்குப் பிடித்தது, "ரெஜிஸ்டர் தேட அரை நாள்" என்றால் யாருக்கும் அது அதிகாரமாகத் தெரியாது. ஆனால் இரண்டு கெடு இருப்பது குழப்பம். எல்லாவற்றுக்கும் புதன் மதியம் என்றே வைத்துவிடுங்களேன்?

---

பழைய மெல்டர்

நான் இரண்டாகவே விடுவேன். எல்லாவற்றுக்கும் புதன் என்றால் மூன்றுக்கும் பதில் யோசித்து முடிக்காமல் அனுப்ப மாட்டார், அவசரமான ஒன்றும் சேர்ந்து தாமதமாகும். அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது.

கடைசி வரிதான் எனக்கு ஒப்பவில்லை. "பதில் வராவிட்டால் இப்படியே வைத்துக்கொள்கிறேன்" என்பது வரிசை மாற்றம் மாதிரி விஷயத்துக்குச் சரி, இரண்டாவது கேள்விக்குப் போடுங்கள். முதல் கேள்வியில் உங்களுக்கே சந்தேகம் இருக்கிறது. அவர் ஊரில் இல்லாமல் பதில் சொல்லவில்லை என்றால் சந்தேகம் தீர்ந்துவிடுமா? பதில் வராவிட்டால் நீங்களே போன ஜனவரிக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

---

சேகர் சிவகாசி

அந்த வரி எங்கே போட்டாலும் மிரட்டல் மாதிரிதான் இருக்கிறது. சொல்லிவிட்டேன்.

---

மேனகா_ஆடிட்

எங்கள் ஆபீசில் எல்லா மெயிலிலும் அந்த வரி இருக்கும், யாரும் தப்பாக எடுப்பதில்லை. இடத்துக்கு இடம் மாறும் போல.

---

மணல்லேப்_கோவை (புதன் மாலை)

நடந்ததைச் சொல்கிறேன்.

திங்கள் மாலை நேரில் பேசினேன். கலக்கும் நேரத்தை ஏன் குறைத்தார் என்று கேட்டதும் கோபம் வரும் என்று பயந்தேன், ஆனால் உட்காரச் சொல்லி முழுசாகச் சொன்னார். போன ஆகஸ்டில் மல்லர் மோட்டார் லோடு தாங்காமல் அடிக்கடி டிரிப் ஆகியிருக்கிறது, புது மோட்டார் வரும்வரை 3.5 நிமிடத்தில் ஓட்டச் சொல்லியிருக்கிறார். அக்டோபரில் மோட்டார் மாற்றிவிட்டார்கள். நேரத்தைத் திரும்ப 5 நிமிடத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் தோன்றவில்லை, அவர் உட்பட. மெயின்டனன்ஸ் நோட்டில் தேதியோடு இருக்கிறது. "நான் குறைத்ததைப் போடு, ஏன் என்பதையும் போடு" என்று சொல்லிவிட்டார். மெசேஜை அதன் பிறகு அனுப்பினேன், கடைசி வரியை மெல்டர் சார் சொன்னபடி இரண்டாவது கேள்விக்கு மாற்றி.

செவ்வாய் இரவு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஸ்லைடு 6 நிற்காது, போன வருட ஜனவரியோடு இந்த வருட ஜனவரியை ஒப்பிடு என்றார். இன்று காலை ரெஜிஸ்டரை எடுத்தேன். போன ஜனவரி 6.4. ஆக நான் 3.9 குறைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் 1.2. கூலர் கணக்கு முழுக்க அந்த 3.9-ஐ வைத்துப் போட்டது, இப்போது 14 மாதம் என்பது கிட்டத்தட்ட 45 மாதம் ஆகிவிட்டது. இதை வைத்துக்கொண்டு கூலர் எப்படிக் கேட்பது?

இரண்டாவது கேள்விக்கு, கோரிக்கையை முதலில் வை என்றார். அது இந்தக் கணக்கு மாறுவதற்கு முன் சொன்னது. மூன்றாவதுக்கு இன்னும் பதில் இல்லை.

---

பழைய மெல்டர்

மாதம் எத்தனை கேசிங் ஊற்றுகிறீர்கள்?

---

மணல்லேப்_கோவை

சுமார் 4,000. இரண்டு ஜனவரியிலும் அதே அளவுதான்.

---

பழைய மெல்டர்

அப்படியானால் போன ஜனவரி 256, இந்த ஜனவரி 208. வித்தியாசம் 48 கேசிங். ஒரு மோசமான நாளில் கோர் ஓவன் சரியாக ஓடாவிட்டால் அதுவே இந்த எண்ணைச் சாப்பிட்டுவிடும். குறைந்திருக்கிறது என்று சொல்லலாம், ஒரு மாத ஒப்பீடு என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நானாக இருந்தால் வெள்ளிக்கிழமை கூலர் கேட்க மாட்டேன். உங்கள் சீனியர் கையில் இப்போது ஒரு காசும் செலவில்லாத மருந்து இருக்கிறது. கலக்கும் நேரத்தைப் பழையபடி 5 நிமிடத்துக்குக் கொண்டுபோய் ஒரு ஷிஃப்டில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கூடவே திரும்பி வரும் மணலின் வெப்பநிலையை மணிக்கொரு முறை குறித்து வையுங்கள். அது 50 டிகிரிக்கு மேல் போகிற நேரத்தில் ரிஜெக்ஷன் ஏறுகிறதா என்று தெரிந்தால் கூலருக்கு மழையோடு சம்பந்தமில்லாத ஆதாரம் கிடைக்கும். வெயில் காலம் வருகிறது, காத்திருக்க வேண்டியதே இல்லை.

---

சேகர் சிவகாசி

மார்ச்சோடு பட்ஜெட் மூடிவிடும். இப்போது கேட்காவிட்டால் அடுத்த வருடம்தான். கேட்டு வைப்பதில் தப்பில்லை, கணக்கை மட்டும் நேர்மையாகப் போடுங்கள். அப்புறம் கலக்கும் நேரத்தைக் கூட்டினால் மல்லர் மெதுவாகும், மோல்டிங் லைன் மணலுக்குக் காத்து நிற்கும். அதற்கு புரொடக்ஷன்காரர் ஒப்புவாரா?

---

மணல்லேப்_கோவை

அதுதான் எனக்கும் தெரியவில்லை. ஒருவேளை மூன்றாவது கேள்விக்குப் பதிலே அதுவாக இருக்கலாம், பிளான்ட் ஹெட் அதைத்தான் கேட்பார். நாளை காலை சீனியருக்கு நினைவூட்டல் போடலாமா?

---

பழைய மெல்டர்

வேண்டாம். கேட்ட நேரத்துக்கு முன்பே பெரிய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார். புதுப் பதிப்பை அனுப்புங்கள், எது மாறியது என்று மட்டும் எழுதுங்கள், அவர் திரும்ப 16 ஸ்லைடையும் புரட்ட வேண்டியதில்லை. மோல்டிங் லைன் விஷயத்தைப் புரொடக்ஷன் ஆளிடம் நாளைக்கே நேரில் கேட்டுவிடுங்கள், அவருக்கும் வெள்ளிக்கிழமைதான் தெரிய வேண்டும் என்று இல்லை.

---

மணல்லேப்_கோவை

அனுப்பிவிட்டேன்:

"சார், நீங்கள் சொன்னபடி ஸ்லைடு 6-ல் போன ஜனவரி 6.4, இந்த ஜனவரி 5.2 என்று மாற்றிவிட்டேன். ஸ்லைடு 4-ல் மோட்டார் டிரிப் ஆன காரணமும் தேதியும் சேர்த்திருக்கிறேன், உங்கள் பெயர் போடவில்லை. கடைசி ஸ்லைடில் கூலருக்கு முன்னால் 5 நிமிட சோதனையை வைத்திருக்கிறேன், கூலர் கணக்கு 45 மாதம் என்று இருக்கிறது. கோரிக்கையை முதலில் வைக்கச் சொன்னீர்கள், கணக்கு மாறியதால் அதை மட்டும் கடைசியிலேயே விட்டிருக்கிறேன். மற்ற ஸ்லைடு எதுவும் மாறவில்லை. பதில் தேவையில்லை சார், ஏதாவது தப்பாகப் பட்டால் மட்டும் சொல்லுங்கள்."